நிழலும் உயரமும்



நாற்பது ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றிருந்தேன். ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. "இக்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று, பிறர் சொல்லக் கேட்டதை நானும் பெருமிதத்தோடு சொன்னேன். அப்போது மாலை நான்கு மணி இருக்கும். பின்வரிசையில் நின்ற ஒரு சிறுமி, "ஐயா, அப்படியானால் நாம் இப்போது நிற்பது எதன் நிழலில்?" என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "பேசாமல் வா" என்று அதட்டிவிட்டு நடந்தேன். அவள் கேட்ட கேள்விக்கு அன்று நான் தராத விடையை இன்று இந்தப் பேச்சில் தர முயல்கிறேன். அதற்கு முதலில் எகிப்து நாட்டுக்குப் போக வேண்டும்.

கெய்ரோ நகரை அடுத்த கீசாவில் கூபு மன்னனின் பெரிய பிரமிடு நிற்கிறது. அது கட்டி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்த பின், கி.மு. ஆறாம் நூற்றாண்டில், மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் என்னும் கிரேக்க அறிஞர் பிரமிடின் உயரத்தை நிழலைக் கொண்டு அளந்தார் என்பது மரபுவழிச் செய்தி. தேலீஸ் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் பின்வந்தவர்கள் எழுதியவையே நம்மிடம் உள்ளன. அவையும் இருவகையாகச் சொல்கின்றன. மனிதனுடைய நிழல் அவனுடைய உயரத்திற்குச் சமமாகும் நேரம் பார்த்து, அந்நேரத்தில் பிரமிடின் நிழலை அளந்தார் என்கிறார் டயோஜினிஸ் லேர்ஷியஸ். நிழலின் நுனியில் ஒரு கோலை நட்டு, கோலுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதமே பிரமிடுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதம் என்று காட்டினார் என்கிறார் புளூட்டார்க்.

இரண்டு முறையும் சரியே. ஆயினும் இரண்டிலும் ஓர் இடர்ப்பாடு மறைந்திருக்கிறது. கோலின் நிழலை அதன் அடியிலிருந்து அளக்கிறோம், ஏனெனில் கோலின் அடி நுனிக்கு நேர்கீழே இருக்கிறது. பிரமிடின் உச்சிக்கு நேர்கீழான இடமோ கட்டடத்தின் நடுவயிற்றில் புதைந்து கிடக்கிறது. வெளியே மணலில் காணப்படுவது நிழலின் ஒரு பகுதியே. அந்தப் பகுதியோடு அடித்தளத்தின் பாதி அகலத்தையும் கூட்டினால்தான் முழு நிழல் கிடைக்கும். பிரமிடின் பக்கம் சுமார் 230 மீட்டர். ஆகவே, நிழல் ஒரு பக்கத்திற்கு நேர் செங்குத்தாக விழும்போது, 115 மீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்தவர் உயரத்தைப் பெரிதும் குறைத்துச் சொல்லிவிடுவார்.

நிழல் அப்படிச் செங்குத்தாக விழும் நேரம் நண்பகல். பிரமிடின் பக்கங்கள் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் வியக்கத்தக்க நுட்பத்தோடு அமைந்துள்ளன. நண்பகலில் நிழல் நேர் வடக்கே விழுகிறது. நண்பகல் சூரியனின் ஏற்றக் கோணத்தை அறிவது எளிது. 90 பாகையிலிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்து, சூரியன் அன்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருந்தால் அந்தப் பாகையைக் கூட்டவும், தெற்கே இருந்தால் கழிக்கவும் வேண்டும். கீசாவின் அட்சரேகை ஏறக்குறைய 30 பாகை. நவம்பர் முதல் வாரத்திலும் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும் சூரியன் 15 பாகை தெற்கே இருக்கிறது. அந்நாட்களில் நண்பகல் ஏற்றம் 45 பாகை. நிழலும் உயரமும் சமம். பிரமிடின் பழைய உயரம் 146 மீட்டருக்குச் சற்று மேல். நிழலில் 115 மீட்டர் கட்டடத்துக்குள் அடங்கிவிட, சுமார் 31 மீட்டர் மட்டுமே வெளியே நீண்டிருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பிரமிடின் முகங்கள் சுமார் 52 பாகை சரிவுடையவை. சூரியனின் ஏற்றம் அதை மிஞ்சினால் உச்சியின் நிழல் தரைக்கு வராமல் பிரமிடின் மேலேயே விழுந்துவிடும். பிப்ரவரி கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை கீசாவில் நண்பகல்தோறும் இப்படித்தான் நடக்கிறது. அந்த மாதங்களில் நண்பகலில் அளக்க வந்தவருக்கு அளப்பதற்கு நிழலே இராது. காலையிலோ மாலையிலோ வந்தவருக்கு வேண்டிய அளவு கிடைக்கும்.

தேலீசுக்குக் கோல் தேவைப்பட்டது. சூரியன் எங்கே நிற்கும் என்பதைக் கணிதத்தால் முன்கூட்டியே அறிந்தவர்க்குக் கோல் தேவையில்லை. நாளும் நேரமும் இடமும் தெரிந்தால் போதும். இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தில் மெட்மனம் என்னும் ஊரில் ஒரு மாளிகையில் அமர்ந்து, விமானங்கள் எடுத்துவந்த படங்களை ஆராய்ந்தவர்கள் இவ்வழியைத்தான் கையாண்டார்கள். படக்கருவியின் குவியத் தூரம் மூன்று அடி, விமானம் பறந்த உயரம் 30,000 அடி என்றால், படத்தின் அளவு பத்தாயிரத்தில் ஒன்று. படத்தில் ஒரு மில்லிமீட்டர் நீண்ட நிழல் நிலத்தில் பத்து மீட்டர் நீளும். பகைவனின் மண்ணில் யாரும் கோல் நட முடியாது; நிழல்தான் உயரத்தைச் சொல்ல வேண்டும்.

இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள் படங்களில் செய்கிறார்கள். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிசம்பர் 21 அல்லது 22 அன்று, சூரியன் 23.4 பாகை தெற்கே நிற்கும் நண்பகலில், கீசாவின் படம் ஒன்று கிடைத்திருப்பதாகக் கொள்வோம். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் அரை மீட்டர். சூரியனின் ஏற்றம் 36.6 பாகை, பெரும்பாலும் இக்கோணம் படத்தோடு வரும் குறிப்பிலேயே தரப்பட்டிருக்கும். இந்த ஏற்றத்தில் ஒரு மீட்டர் நிழலுக்கு 0.743 மீட்டர் உயரம். இதுவே கணிதத்தில் டேன்ஜென்ட் என்று வழங்கும் விகிதம். அடித்தளத்தின் நான்கு மூலைகளையும் குறுக்கே இணைத்து நடுவைக் குறித்துக்கொள்கிறோம். அங்கிருந்து நிழலின் நுனி வரை 373 புள்ளிகள் இருந்தால், நிழல் 186.5 மீட்டர். அதை 0.743ஆல் பெருக்க 138.6 மீட்டர் வருகிறது. மேலுறைக் கற்களும் உச்சியும் போன பின் இன்று நிற்கும் பிரமிடின் உயரம் சுமார் 138.5 மீட்டர்தான்.

இவ்வளவு எளிதானால் பிழை எங்கே நுழைகிறது? முதலாவது, நேரத்தில். செயற்கைக்கோள் படங்களில் உலகப் பொது நேரம் குறிக்கப்படும். அதை உள்ளூர் நேரம் என்று கருதிவிடுபவர் உண்டு. நம் கணக்கில் படம் உண்மையில் நண்பகலில் எடுத்தது. அதை நண்பகலுக்கு ஒரு மணி நேரம் பிந்தியது என்று தவறாகக் கொண்டால் சூரியனின் ஏற்றம் 34.7 பாகை என்று ஆகும். உயரம் 129 மீட்டராகச் சுருங்கும். ஒன்பது மீட்டர் காணாமற்போகும். இப்பிழையைக் கண்டுகொள்ளப் படத்திலேயே சாட்சி உண்டு. ஒரு மணி பிந்தியிருந்தால் நிழல் நேர் வடக்கிலிருந்து கிழக்கே 17 பாகை திரும்பியிருக்க வேண்டும். படத்தில் அது நேர் வடக்கே கிடந்தால், குறித்துக்கொண்ட நேரம் தவறு. நிழலின் நீளத்தை அளப்பதற்கு முன் அதன் திசையைப் பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.

இரண்டாவது பிழை நிழலின் நுனியில். சூரியன் ஒரு புள்ளியன்று. வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். ஆகவே நிழலின் ஓரம் கூர்மையாக முடியாமல் மங்கி மறையும். நம் கணக்கில் அந்த மங்கல் மூன்றரை மீட்டருக்குக் குறையாது. மங்கலின் நடுவில் அளப்பவர் ஓரிரு மீட்டருக்குள் தப்பிக்கலாம்.

மூன்றாவது பிழை தரையைப் பற்றியது. நிழல் விழும் நிலம் சரிந்து இறங்கினால் நிழல் நீளும். மேடாக ஏறினால் குறுகும். அடுத்த கட்டடத்தின் சுவரில் ஏறிவிட்டால் அந்த நிழலைக் கொண்டு அளப்பதே கூடாது. படம் சாய்வாக எடுத்ததாயின் உயர்ந்த கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தாற்போலத் தோன்றும்; அப்போது படத்தில் தெரியும் உச்சியிலிருந்து அளக்காமல் உச்சிக்கு நேர்கீழான அடியிலிருந்தே அளக்க வேண்டும்.

இனித் தஞ்சைக்குத் திரும்புவோம். அங்கே விமானத்தின் உயரம் 200 அடிக்கு மேல். அடித்தளத்தின் பக்கம் ஏறக்குறைய 100 அடி. பாதி அகலம் 50 அடி என்றால், உச்சியின் நிழல் அடித்தளத்தைத் தாண்டாமலிருக்கச் சூரியன் சுமார் 76 பாகைக்கு மேல் ஏற வேண்டும். தஞ்சையின் அட்சரேகை 11 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஆகையால் மார்ச்சு நடுப்பகுதி முதல் செப்டம்பர் கடைசி வரை, நண்பகலை ஒட்டிய நேரத்தில், உச்சியின் நிழல் தரையைத் தொடாது; விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். அடிச்சுவர்கள் செங்குத்தானவை என்பதால் அவற்றின் குறுநிழல் மட்டும் பெரும்பாலும் தரையில் தெரியும். கீசாவில் காண்பதே இங்கும் நிகழ்கிறது. மற்ற மாதங்களில் நண்பகலிலும், எல்லா நாளும் காலையிலும் மாலையிலும், உச்சியின் நிழல் முற்றத்தில் நீண்டு விழுகிறது. மாலை நான்கு மணிக்கு எட்டாம் வகுப்பு முழுவதும் நிற்கப் போதிய நிழல் அது.

அன்று என்னிடம் ஒரு முழக்கோல் இருந்தது, மாணவர்கள் முப்பது பேர் இருந்தார்கள், வெயிலும் இருந்தது. கோலை நட்டு அதன் நிழலை அளந்து, விமானத்தின் நடுவிலிருந்து நிழல் நுனி வரை அந்தப் பிள்ளைகளையே அடியெண்ணி நடக்கச் சொல்லியிருந்தால், அரை மணியில் இராசராசன் கட்டிய விமானத்தின் உயரத்தை அவர்கள் தாங்களே கண்டிருப்பார்கள். கேள்வி கேட்டவள் அதற்கான முதல் அடியை எடுத்து வைத்துவிட்டாள். நான்தான் தடுத்துவிட்டேன். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, அறியேன். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மா, நீ நின்றது விமானத்தின் நிழலில்தான்.