எழுதத் தெரியாத பேரப்பிள்ளையும் விளையாடும் சொல் சங்கிலி

தீபாவளி, பொங்கல் நாட்களில் குடும்பம் கூடும்போது தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக விளையாட ஏற்றது சொல் சங்கிலி. ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் ஒரு சொல்லைத் தொடங்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் இது ஐந்தாறு சொற்களிலேயே நின்றுவிடுகிறது.

காரணம் தமிழின் இயல்பு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டு வரிசைகளிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. "வீடு" என்று ஒருவர் சொன்னால் "டு"வில் தொடங்கும் சொல்லுக்கு அடுத்தவர் எங்கே போவார்?

இதற்கு இரண்டு விதிகள் போதும். சொல் தொடங்க முடியாத எழுத்து வந்தால், அதிலுள்ள உயிரெழுத்தை எடுக்கலாம். "வீடு" என்றால் "உ". கடைசியில் புள்ளி எழுத்து வந்து, அதிலும் சொல் தொடங்காவிட்டால், அதற்கு முந்தைய எழுத்துக்குப் போகலாம். "மகள்" என்றால் "க". "குடம்" போன்றவற்றுக்குச் சிக்கல் இல்லை. ம, மா, மி என எதிலும் தொடங்கலாம். "ஐ"யில் சொற்கள் குறைவு என்பதால், "இலை" போன்றவற்றுக்குப் பின் "அ"வையும் அனுமதிக்கலாம்.

ஒரு சுற்று இப்படிப் போகும்: மங்கு, குருவி, விளக்கு, குடம், மகள், கண்ணாடி, இரவு, உளி. "கண்ணாடி"க்குப் பின் "டி"யிலிருந்து "இ" வந்தது. "வு"விலும் தமிழ்ச் சொல் தொடங்காததால் "இரவு"க்குப் பின் "உ" வந்தது.

இந்த விதிகளால் இன்னொரு நன்மை உண்டு. தேசியப் பள்ளியில் படித்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்த பிள்ளை "உளி"யை "உலி" என்று சொன்னாலும் அடுத்த எழுத்து "இ"தான். ல, ள, ழ குழப்பமும் ண, ன குழப்பமும் ஆட்டத்தைக் கெடுக்காது. திருத்திச் சொல்லிவிட்டுத் தொடரலாம். புள்ளி குறைக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளை ஒரு பக்கமும் பெரியவர்களை மறுபக்கமும் உட்கார வைத்தால் ஆட்டம் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று இணை சேர்ப்பது நல்லது. சொல்லைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். பெரியவர் மூன்று முறை மட்டும் உதவலாம். பத்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டாலோ, முன்பு சொன்ன சொல் திரும்ப வந்தாலோ ஒரு புள்ளி போகும். சொற்களை ஒருவர் தாளில் எழுதி வந்தால் சண்டை வராது.

யாராவது பொருள் கேட்டால், சொன்னவர் விளக்க வேண்டும் என்ற விதியையும் சேர்க்கலாம். பாட்டி "மங்கு" என்றதும் பிள்ளைகள் விழிப்பார்கள். பால்மரத்தில் கட்டி, வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம் என்று அவர் சொல்வார். அடுத்து "பெரட்டு" வந்தால், விடியுமுன் வேலையாட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட கதையும் வரும். ஆட்டம் சற்று நிற்கும், நிற்கட்டும். அந்தச் சொற்களைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் வாயால் கேட்க, பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வேறு நேரம் கிடைப்பது அரிது.