ஐந்து லட்ச ரூபாயின் விளிம்பு

1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமான வரியை அறிமுகப்படுத்தியபோது கணக்கு எளிமையாக இருந்தது. ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் குறைந்தோருக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை நூற்றுக்கு 2, அதற்கு மேல் நூற்றுக்கு 4. உயர்ந்த விகிதம் எல்லைக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமன்றி, முழு வருமானத்துக்கும் பொருந்தியது. எனவே 499 ரூபாய் ஈட்டியவர் வரி போக 489 ரூபாய் வைத்துக்கொண்டார். 505 ரூபாய் ஈட்டியவர் கையில் 485 ரூபாய்க்கும் குறைவாகவே நின்றது.

இத்தகைய படி முறையின் அநீதியைச் சட்டம் இயற்றியோர் அறிந்தே இருந்தனர். 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எல்லையைச் சிறிதளவே கடந்தவரின் கூடுதல் வரி, அவர் கடந்த தொகையை விஞ்சாதபடி குறைத்தது. 1939இல் அடுக்கு முறை வந்தது. அதன்பின் உயர்ந்த விகிதம் எல்லைக்கு மேற்பட்ட ரூபாய்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. எல்லையில் வரிக்கோடு சாய்வு மாறியது, செங்குத்தாகத் தாவவில்லை.

2019 பிப்ரவரி 1 அன்று தில்லியில் தாக்கலான இடைக்கால நிதிநிலை அறிக்கை அந்தத் தாவலை மீண்டும் கொண்டுவந்தது. 87ஏ பிரிவின்படி, மொத்த வருமானம் 5 லட்சத்துக்கு மிகாதவருக்கு 12,500 ரூபாய் வரை தள்ளுபடி கிடைத்தது. வரி முற்றிலும் நீங்கியது. ஆனால் 5,00,010 ரூபாய் என்றால் தள்ளுபடி முழுவதும் போய்விடும்; செஸ் உட்பட ஏறத்தாழ 13,000 ரூபாய் வரி. மிகுந்த பத்து ரூபாயின் விலை அது. அதற்கு மேல் ஒவ்வொரு ரூபாயிலும் 20.8 காசு வரியாகப் போவதால், ஒருவர் 5 லட்சத்தில் நின்றவரின் நிலையை எட்டவே ஏறத்தாழ 5,16,400 ரூபாய் ஈட்டியிருக்க வேண்டும். இடைப்பட்ட 16,400 ரூபாய் நிலப்பரப்பில், கணக்கறிந்து நிற்க எவருக்கும் காரணமில்லை.

பொருளியலாளருக்கு இந்த நிலப்பரப்பு ஓர் ஆய்வுக்கூடம். இமானுவேல் சாயஸ் 2010இல் வெளியிட்ட கட்டுரை, அமெரிக்க வரிக்கோட்டின் சாய்வு மாறும் இடங்களில் வரி செலுத்துவோர் எவ்வளவு குவிகின்றனர் என்று பார்த்தது. எல்லை இல்லாதிருந்தால் வருமானப் பரவல் எப்படி இருந்திருக்கும் என்பதை, எல்லையை ஒட்டிய பகுதியை விலக்கி, இருபுறத்துத் தரவிலிருந்து வளைவாக மதிப்பிடுகின்றனர். அதற்கு மேல் எழும் மேடே குவிவு. அதன் பருமனிலிருந்து, வரி விகிதத்துக்கு வருமானம் எவ்வளவு இசைகிறது என்னும் நெகிழ்ச்சி கணிக்கப்படுகிறது.

மேடு மட்டும் போதுமா? ஹென்ரிக் கிளெவனும் மஸ்ஹர் வசீமும் 2013இல் பாகிஸ்தானின் வரித் தரவைக் கொண்டு இதற்கு விடை தேடினர். அங்கும் எல்லை கடந்தால் முழு வருமானத்தின் மீதும் விகிதம் உயரும் படிகள் இருந்தன. எல்லைக்குக் கீழே கூர்மையான குவிவு தெரிந்தது. ஆயினும், எவரும் நிற்கக் காரணமில்லாத பகுதியில் எதிர்பார்க்கத்தக்கோரில் பெரும்பாலோர் அங்கேயே நின்றனர். அறியாமை, மாற்ற முடியாத சம்பளம் போன்ற தடைகளின் அளவுகோலாக அவர்களை எடுத்துக்கொண்டனர். அத்தடைகளை நீக்கிக் கணக்கிட்டால் படிக்கு மக்கள் காட்டும் எதிர்வினை மிகப் பெரிது; எனினும் அதன் அடியிலுள்ள நெகிழ்ச்சி மிதமானதே. சிறிய நெகிழ்ச்சியிலும் பெரிய விலகலை உண்டாக்குவதே படியின் குறை.

இந்த அளவுகோலை இந்திய எல்லைக்குப் பொருத்தும்போது மூன்று இடங்களில் தவறு நேரலாம். முதலாவது, 5 லட்சம் ஒரு முழு எண். வரிப் படி இல்லாவிட்டாலும் மக்கள் முழு எண்களில் வருமானம் எழுதுவர். ஆகவே படியில்லாத 4 லட்சம், 6 லட்சம் போன்ற இடங்களிலுள்ள மேடுகளோடு ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும். இரண்டாவது, 2019க்கு முன்பும் அதே எல்லையில் விகிதம் 5இலிருந்து 20ஆக உயர்ந்தது. முந்தைய ஆண்டுகளின் மேட்டையும் கழித்தாலன்றிப் படியின் பங்கு தெரியாது. மூன்றாவது, சட்டம் பார்ப்பது கழிவுகள் போன பின் எஞ்சும் வருமானத்தை. 6,50,000 ரூபாய் உள்ள ஒருவர் 80சி பிரிவின்படி ஒன்றரை லட்சத்தைச் சேமநிதியிலும் காப்பீட்டிலும் இட்டால் சரியாக 5 லட்சத்தில் வந்து நிற்பார். அவர் உழைப்பைக் குறைக்கவில்லை, வருமானத்தை மறைக்கவுமில்லை. மேடு ஒன்றே, அதில் உழைப்பு, சேமிப்பு, மறைப்பு எது எவ்வளவு என்பதை மேடு தானாகச் சொல்லாது. சம்பளக்காரரையும் சுயதொழில் செய்வோரையும் பிரித்துப் பார்ப்பதும், கழிவுக்கு முந்தைய வருமானத்தில் மேடு மறைகிறதா என்று காண்பதும் சிறிது தெளிவு தரும்.

2023இல் புதிய வரிமுறையின் தள்ளுபடி எல்லை 7 லட்சமானது. அப்போது 7,00,100 ரூபாய் வருமானத்துக்கு 25,010 ரூபாய் வரி என்ற நிலை எழுந்தது. அதே ஆண்டு மார்ச்சில் நிதி மசோதா திருத்தப்பட்டு, மிகுந்த வருமானத்தை வரி விஞ்சாது என்று ஆனது. 1922இன் 17ஆம் பிரிவு வேறு உருவில் திரும்பிற்று எனலாம். பழைய வரிமுறையின் 5 லட்சப் படிக்கு அந்த நிவாரணம் தரப்படவில்லை. நிவாரணம் பெற்ற இடத்திலும் படி முற்றிலும் சமதளமாகவில்லை: 2023இன் விகிதங்களில் 7 லட்சத்துக்கு மேல் ஏறத்தாழ 27,700 ரூபாய் வரை ஈட்டியது முழுவதும் வரியாகவே போனது. எல்லையைக் கடந்தவருக்கு இழப்பு நீங்கியது. கடப்பதற்கான காரணம் மட்டும் பிறக்கவில்லை. அதனால் அங்கும் ஒரு மேட்டை எதிர்பார்க்கலாம்.