ஜிலேபி எழுத்து: தெலுங்கா, கன்னடமா?

எங்க எம். புதுப்பட்டி பக்கம் பட்டாசு ஏத்த வர்ற வெளிமாநில லாரிகள்ல பாதிப் பெயின்ட் உரிஞ்சுதான் இருக்கும். டிரைவர்கிட்ட எந்த மொழியில பேச்சைத் தொடங்குறதுன்னு மிச்சமிருக்கிற நாலு எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும். அச்சகத்துலயும் இதே கதைதான். ஆந்திராவுக்குப் போற லேபிள் கட்டுல கன்னட லேபிள் கலந்துட்டா, அது பெட்டியில ஒட்டின பிறகுதான் தெரியும். அப்ப நஷ்டம் நமக்கு.

இந்தக் குழப்பத்துக்கு வயசு ஆயிரத்துக்கும் மேல. பாதாமியில ஆண்ட சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி, 7ஆம் நூற்றாண்டுல தன் தம்பி விஷ்ணுவர்த்தனனைக் கீழைக் கடற்கரைப் பக்கம் வேங்கியில உட்கார வைத்தான். அண்ணன் வீடு இன்றைய கர்நாடகம், தம்பி வீடு இன்றைய ஆந்திரம். ரெண்டு வீட்டுலயும் எழுத்து ஒண்ணுதான். பிறகு அங்கே ஹொய்சளர், இங்கே காகதீயர்னு ஆட்சி தனித்தனியாகப் போக, எழுத்தும் மெல்லப் பிரிந்தது. 19ஆம் நூற்றாண்டு அச்சு அந்தப் பிரிவை நிலைக்க வைத்தது.

பிரிந்த இடம் எழுத்தின் தலையில தெரியும். தெலுங்கு எழுத்து மேல, வாத்தியார் போடுற ‘சரி’ டிக் மாதிரி ஒரு குறி நிற்கும். கன்னடத்துல அதே இடத்துல படுத்த கோடு, வலது நுனி சுருண்டிருக்கும். ஆனா ல, ஜ மாதிரி சில எழுத்துக்கு ரெண்டு மொழியிலயும் தலைக்குறி கிடையாது. அதனால டிக் இல்லைங்கிறதை மட்டும் வைத்துக் கன்னடம்னு சொல்லிட முடியாது. போர்டு எழுதுறவர் டிக்கைச் சின்னக் கோடாக இழுத்துட்டாலும் ஏமாந்துடுவோம்.

அப்ப கைகொடுக்கிறது ‘ஸ்ரீ’. லாரி நெற்றியில சாமி பேருக்கு முன்னாடி அது பெரும்பாலும் இருக்கும். கன்னடத்துல ஈகார நெடிலுக்கு, எழுத்துக்கு வலப்பக்கம் தனியாக ஒரு கொக்கி நிற்கும். தெலுங்குல அந்த நெடில் எழுத்தின் தலையிலேயே சுழிந்து முடிஞ்சிடும், வலப்பக்கம் காலியாக இருக்கும். மேல்பாதி உரிஞ்சு போயிருந்தா கீழே குனிஞ்சு பாருங்க. ‘ர’வோட அடையாளம் தெலுங்குல இடப்பக்கமிருந்து எழுத்தை அடியில வளைத்துப் பிடிச்சிருக்கும். கன்னடத்துல வலது கீழ்மூலையில தொங்கும்.

நம்ம ‘கெ’, ‘கே’ மாதிரி எழுத்துக்கு இடப்பக்கம் கொம்பு தெரிஞ்சா ரெண்டும் இல்லை, அது மலையாளமாக இருக்கலாம். தெலுங்கும் கன்னடமும் இடப்பக்கம் கொம்பு போடுறதே இல்லை.

ஊர்ப்பேரை மட்டும் நம்பாதீங்க. ‘பெங்களூரு’ன்னு தெலுங்குலயும் எழுதுவாங்க. கொக்கி எங்கே நிற்குதுன்னு பாருங்க, பிறகு டிரைவரைக் கூப்பிடுங்க.