ஆய்வக வேகமும் வாடிக்கையாளர் வேகமும்

"லைட்ஹவுஸில் 92 மார்க் வருகிறது. வாடிக்கையாளரோ பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?" கோவை சரவணம்பட்டியில் ஃப்ரண்ட்எண்ட் இன்டர்வியூவுக்குப் போகிறவர் இப்படி ஒரு கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும். இரண்டுமே சரிதான். இரண்டும் வேறு வேறு அளவீடுகள்.

திருப்பூர் பனியன் கடை ஒன்றின் தளத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதன் ஜாவாஸ்கிரிப்ட் பண்டில், சுருக்கிய பிறகு 600 கேபி. லைட்ஹவுஸின் டெஸ்க்டாப் சோதனை, நொடிக்கு 10 மெகாபிட் வேகம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதில் பண்டில் அரை நொடியில் இறங்கிவிடும். மொபைல் சோதனையின் வேகம் 1.6 மெகாபிட், அதாவது நொடிக்கு 200 கேபி. அதே பண்டிலுக்கு இப்போது 3 நொடி ஆகும். ப்ராசஸரையும் நான்கு மடங்கு மந்தமாக்கித்தான் அந்தச் சோதனை ஓடும். ஆகவே 92 எந்தச் சோதனையில் வந்தது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கூகுளின் கள அளவீடு வேறு வகை. குரோமில் வந்துபோன நிஜப் பயனர்களின் கடந்த 28 நாள் அனுபவத்தைத் திரட்டி, நாலில் மூன்று வருகைகள் எந்த அளவுக்குள் முடிந்தன என்று அது காட்டும். முக்கியப் படமோ எழுத்தோ திரையில் வரும் நேரமான எல்சிபி, 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது. சைஸ் பட்டனைத் தட்டியதும் பக்கம் திணறுகிறதா என்பதை ஐஎன்பி சொல்லும்; 200 மில்லிநொடி வரை நல்லது. வழக்கமான லைட்ஹவுஸ் சோதனையில் பட்டனைத் தட்ட ஆளில்லை, அதனால் ஐஎன்பி அங்கே கிடைக்காது.

களத்துக்கும் குறைகள் உண்டு. கூட்டம் குறைந்த தளத்துக்குத் தரவே வராது. இன்று செய்த திருத்தம் முழுதாகத் தெரிய 28 நாள் ஆகும். எல்லாவற்றையும் விட, மந்தம் என்று மட்டும் சொல்லும். காரணத்தைப் பெரும்பாலும் சொல்லாது.

காரணம் தேட லைட்ஹவுஸ் என்ற ஆய்வகம்தான் கைகொடுக்கும். நம் கடையில் எல்சிபி, மேலே இருக்கும் பெரிய பனியன் படம். எல்லாப் படங்களுக்கும் போட்ட `loading="lazy"` அதற்கும் போடப்பட்டிருந்தது. படம் திரைக்குள் வருமா என்று தெரியும்வரை பிரவுசர் அதை இறக்கத் தொடங்காது. லேசி லோடிங் கீழே உள்ள படங்களுக்கே பொருந்தும். மேலே உள்ளதற்கு இப்படி:

```html
<img src="banian.webp" alt="பனியன்" fetchpriority="high">
```

அடுத்தது பண்டில். ஆர்டர் கணக்குப் பக்கத்துக்கு மட்டும் தேவையான 250 கேபி வரைபட லைப்ரரியை `import()` மூலம் பிரித்தால், முகப்பில் மிஞ்சுவது 350 கேபி. அதே மொபைல் வேகத்தில் 1.75 நொடி.

எங்கே வலிக்கிறது என்பதற்குக் களம், ஏன் வலிக்கிறது என்பதற்கு ஆய்வகம், திருத்தம் பலித்ததா என்பதற்கு மறுபடி களம். லேசி லோடிங்கிலிருந்து பதிலைத் தொடங்குகிறவரைவிட, இந்த வரிசையில் சொல்கிறவருக்கே வேலை தெரியும்.