கொரில்லா மேனும் நன்னாரி சர்பத்தும்

கடையநல்லூரில் ஒரு பரோட்டாக் கடைக்காரர் ‘மூன்று பரோட்டா, ஒரு சர்பத், 60 ரூபாய்’ என்று பலகையில் எழுதி வைத்தால், அந்தக் கணக்கின் வேரைத் தேடி 1950களின் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத்தான் போக வேண்டும். அப்போது அங்கே நிலையங்கள் பெருகிக்கொண்டிருந்தன. பொழுது முழுக்க ஒளிபரப்ப அவற்றுக்குப் பழைய சினிமாப் படங்கள் தேவைப்பட்டன. படங்களை வைத்திருந்த நிறுவனங்கள் ஒன்றொன்றாகத் தர மறுத்தன. வாஷிங்டனில் ஒரு நிலையம் ‘காசாபிளாங்கா’ போன்ற நல்ல படங்களைக் கேட்டது. கிடைத்தது, ஆனால் ‘கொரில்லா மேன்’, ‘டக்போட் ஆனி செயில்ஸ் அகெய்ன்’ முதலான படங்களையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. நிறுவனங்கள் மீது அரசு வழக்குப் போட்டது. 1962 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டு வியாபாரம் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. நல்ல படத்தின் பலத்தை வைத்து ஓடாத படத்தைத் தலையில் கட்டுகிறார்கள் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

சிகாகோவில் இருந்த பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லருக்கு அந்த விளக்கம் போதவில்லை. நல்ல படத்துக்கு ஒருவர் 8,000 டாலர் தரத் தயார் என்றால் அதை வாங்கிக்கொண்டு போகலாமே, வேண்டாத படத்தை ஏன் ஒட்ட வேண்டும்? 1963-இல் அவர் எழுதிய சிறு குறிப்பில் இதற்கு ஒரு கணக்கைப் போட்டார். இரண்டு பேர் படம் வாங்க வருகிறார்கள். முதலாமவர் ‘கான் வித் த விண்ட்’ படத்துக்கு 8,000 வரை தருவார், ‘கெட்டிங் கெர்ட்டிஸ் கார்ட்டர்’ என்ற சுமாரான படத்துக்கு 2,500 வரை. இரண்டாமவர் முன்னதற்கு 7,000, பின்னதற்கு 3,000. விற்பவருக்கு யார் எவ்வளவு தருவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லோருக்கும் ஒரே விலைதான் வைக்க முடியும். தனித்தனியாக விற்றால் 7,000, 2,500 என்று வைத்தால்தான் இருவரும் இரண்டையும் வாங்குவார்கள். மொத்தம் 19,000. இரண்டையும் கட்டி 10,000 என்று வைத்தால் இருவருமே வாங்குவார்கள். மொத்தம் 20,000.

அந்தக் கூடுதல் ஆயிரம் எங்கிருந்து வந்தது? முதலாமவர் ஒன்றை அதிகம் மதிக்கிறார், இரண்டாமவர் மற்றதை அதிகம் மதிக்கிறார். கட்டும்போது அந்த ஏற்றத்தாழ்வு சமமாகிவிடுகிறது. முதலாமவரே இரண்டு படத்துக்கும் அதிகம் தருபவராக இருந்திருந்தால் என்ன ஆகும்? அவர் 8,000, 3,000. மற்றவர் 7,000, 2,500. கட்டின் விலையை 9,500-க்கு இறக்கினால்தான் இருவரும் வாங்குவார்கள். மறுபடியும் அதே 19,000. கட்டியதால் ஒரு காசு லாபமில்லை. பல கடைகளில் காம்போ பலகை தொங்கியும் கல்லாவில் மாற்றம் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

13 வருடம் கழித்து, 1976-இல், வில்லியம் ஆடம்ஸும் ஜேனட் யெல்லனும் இந்தக் கணக்கை ஒரு படி நகர்த்தினார்கள். (பின்னாளில் அமெரிக்க நிதியமைச்சரான யெல்லன்தான்.) கட்டாகவும் வைக்கலாம், அதே பொருளைத் தனித்தனியாகவும் வைக்கலாம், பல நேரங்களில் அப்படி இரண்டும் வைப்பதே அதிகம் தரும் என்று காட்டினார்கள். ஒரு பொருளை மட்டும் விரும்பி மற்றதை ஏறெடுத்தும் பார்க்காதவர் தனி விலை கொடுத்துப் போகட்டும், நடுவில் நிற்பவர் கட்டுக்கு வரட்டும். நீதிமன்றம் வெறுத்த கட்டாயம் இதில் இல்லை. இன்று ஓட்டல் பலகைகளில் நாம் பார்ப்பது இந்த வடிவம்தான்.

ஓட்டல்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. அதே 1970களின் நடுவில் குவாத்தமாலாவில் யோலாண்டா பெர்னாண்டஸ் தெ கோஃபினோ என்ற பெண்மணி மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திவந்தார். குழந்தைகளோடு வரும் அம்மாக்கள் என்ன வாங்குவதென்று தடுமாறுவதைப் பார்த்து, சிறிய பர்கர், சிறிய உருளை வறுவல், சிறிய ஐஸ்கிரீம் ஆகியவற்றை ஒன்றாக்கிக் குழந்தைகளுக்கென்று ஒரு கட்டு வைத்தார். அந்த யோசனை வளர்ந்து 1979-இல் அமெரிக்கா முழுக்க ‘ஹேப்பி மீல்’ என்று வந்தது, உள்ளே ஒரு பொம்மையோடு. கடைக்கு அந்தப் பொம்மை சில காசு, பிள்ளைக்கு அதுதான் சாப்பாட்டை விடப் பெரிது. நம் மினி டிபனும் இந்த வம்சம்தான். கேசரிக்கென்று தனியாகக் காசு கொடுக்கத் தயங்குகிறவரும் ஒரு கரண்டி கேசரியைத் தட்டின் ஓரத்தில் பார்த்தால் மறுப்பதில்லை.

இப்போது கடையநல்லூருக்கு வருவோம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே போகிறது. சாயங்காலமானால் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்காத தெரு குறைவு. அப்படி ஒரு கடையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். விலைகளும் எண்ணிக்கைகளும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, கடைக்காரர் தன் எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பரோட்டா 15 ரூபாய். மைதா, எண்ணெய், இலவசமாக ஊற்றும் சால்னா எல்லாம் சேர்த்து அடக்கம் 8. ஆம்லேட் 20 ரூபாய், அடக்கம் 9. நன்னாரி சர்பத் 20 ரூபாய், அடக்கம் 7. ஒரு ராத்திரி 100 பேர் வருகிறார்கள், எல்லோரும் மூன்று பரோட்டா. 60 பேர் அதோடு எழுந்துவிடுகிறார்கள். 25 பேர் ஆம்லேட்டும் சேர்க்கிறார்கள், 10 பேர் சர்பத் குடிக்கிறார்கள், ஐந்து பேர் இரண்டும் வாங்குகிறார்கள். கல்லாவில் விழுவது 5,400, ஆளுக்குச் சராசரி 54 ரூபாய். அடக்கம் போக நிற்பது 2,625.

கடைக்காரருக்கு முதலில் தோன்றுவது பரோட்டாவும் ஆம்லேட்டும். அதுதானே நன்றாகப் போகிறது! 65 ரூபாய்ச் செட்டை 60-க்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார். ஆனால் ஏற்கெனவே ஆம்லேட் வாங்கிக்கொண்டிருக்கும் 30 பேருக்கும் அந்த ஐந்து ரூபாய் சும்மா போய்விடுகிறது. பலகை மாட்டிய அன்றே 150 ரூபாய் ஓட்டை. புதிதாக ஆம்லேட் பக்கம் திரும்புகிற ஒருவர் கூடுதலாகத் தருவது 15 ரூபாய். அதில் ஒன்பது அடக்கத்துக்குப் போனால் மிச்சம் ஆறு. ஓட்டையை அடைக்கவே 25 புது ஆட்கள் வேண்டும், அதாவது இதுவரை முட்டை வேண்டாமென்ற 70 பேரில் மூன்றில் ஒருவருக்கு மேல். நடக்காது.

அதே ஐந்து ரூபாய்த் தள்ளுபடியைச் சர்பத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே சர்பத் வாங்குகிறவர்கள் 15 பேர்தான், ஓட்டை 75 ரூபாய். புதிதாக வருகிற ஒருவரிடம் நிற்பது எட்டு ரூபாய். பத்துப் பேர் திரும்பினாலே ஓட்டை அடைந்துவிடும், அதுவும் 85 பேரில் பத்துப் பேர். 20 பேர் திரும்பினால் அன்றைக்கு 85 ரூபாய் கூடுதலாக நிற்கும், சராசரி பில் 56 ரூபாய் 25 காசுக்கு ஏறும். நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால் லாப விகிதம் இம்மியளவு குறைந்துதான் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. கடை வாடகையும் மாஸ்டர் சம்பளமும் ரூபாயாகக் கொடுப்பவை, கல்லாவில் அந்த ரூபாய் கூடியிருக்கிறது.

ஆக, கட்டில் சேர்க்க வேண்டியது நன்றாகப் போகிற பொருளை அல்ல. இப்போது சிலரே வாங்குகிற, பலரும் வேண்டாமென்று சொல்லாத, அடக்கம் குறைந்த பொருளை. கம்பெனி பாட்டிலில் வரும் குளிர்பானம் இந்த வேலைக்கு ஆகாது. அதன் விலை அச்சடித்து வருகிறது, கடைக்காரருக்கு அதில் நிற்பதே கொஞ்சம், அதிலும் ஐந்து ரூபாயை விட்டால் மிஞ்சுவது பாட்டில் வைத்த குளிர்பெட்டியின் கரண்ட் பில்தான்.

காகிதத்தில் தெரியாத ஒன்று அடுப்படியில் இருக்கிறது. ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கடையின் வேகத்தைத் தீர்மானிப்பது பரோட்டா வேகும் கல். ஆம்லேட்டும் கலக்கியும் அதே கல்லில்தான் விழ வேண்டும். ஆம்லேட் செட் நன்றாக ஓடினால் பரோட்டா பின்தங்கும், பார்சலுக்கு நிற்கிறவர் பக்கத்துக் கடைக்குப் போவார். அவர் போனது எந்தக் கணக்கிலும் ஏறாது. சர்பத்துக்குக் கல் வேண்டாம். ஒரு பையன் கல்லா ஓரத்தில் நின்று எலுமிச்சை பிழிந்தால் போதும். கூட்டம் கூடுகிற நேரத்துக்கு எந்தக் காம்போ வைத்தாலும், அது கல்லைத் தொடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

காம்போ வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எத்தனை செட் விற்றது என்று எண்ணினால் ஏமாந்துவிடுவோம். ஏற்கெனவே வாங்கியவர்களே செட்டுக்கு மாறியிருந்தால் அந்த எண் பிரமாதமாகத்தான் இருக்கும். பலகை மாட்டுவதற்கு முன்பே இரண்டு வாரத்துக்குப் பில் புத்தகத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்: எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சர்பத் வாங்கினார்கள். பிறகு அதே கிழமைகளோடு ஒப்பிட வேண்டும். இந்த ஊரில் அதுவும் லேசில்லை. ஜூனில் குற்றாலச் சீசன் தொடங்கினால் சாலையில் வெளியூர் வண்டி பெருகும். கார்த்திகை பிறந்தால் செங்கோட்டை வழியாகச் சபரிமலை போகிறவர்கள் வருவார்கள், அவர்களுக்கு முட்டையே ஆகாது. நோன்பு மாதத்தில் சாப்பிடும் நேரமே மாறிவிடும். இந்த மாதங்களின் கணக்கைச் சாதாரண மாதத்தோடு வைத்துப் பார்த்தால், பலகை செய்யாத வேலைக்கெல்லாம் பலகைக்குப் பெயர் கிடைக்கும்.

மளிகைக் கடையும் பேக்கரியும் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பரிசுப் பெட்டி கட்டும்போது வேறொரு பள்ளம் இருக்கிறது. தனித்தனியாக விற்கக்கூடிய பொருள்களை ஒரே விலைக்குக் கட்டி விற்றால், 2017-ஆம் ஆண்டின் ஜிஎஸ்டி சட்டம் அதைக் கலப்பு வழங்கல் என்கிறது. பெட்டிக்குள் எந்தப் பொருளுக்கு வரி அதிகமோ அந்த விகிதமே மொத்தப் பெட்டிக்கும் விழும். இனிப்பு, கேக், சாக்லேட், உலர்பழம், குளிர்பானம் அடங்கிய பெட்டியையே சட்டம் உதாரணமாகச் சொல்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோடா கலந்த குளிர்பானத்துக்கு வரி 40 சதவீதம், இனிப்புக்கும் கேக்குக்கும் ஐந்து. பெட்டி நிறைவாகத் தெரியட்டும் என்று ஒரு பாட்டிலை உள்ளே வைத்தால் அல்வாவுக்கும் 40 சதவீதம் வரி வரும், கட்டின் லாபம் அதிலேயே கரைந்துவிடும். காம்போசிஷன் திட்டத்தில் மொத்த விற்பனைக்கு ஒரே விகிதத்தில் கட்டுகிற சிறு வியாபாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் பாட்டிலைப் பெட்டிக்கு வெளியே வைத்து, வேண்டும் என்கிறவருக்குத் தனியாக விற்று, பில்லில் தனி வரியாக எழுதிக்கொள்ளலாம்.