நாத்தனார் வந்தார், அத்தை வரவில்லை

2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. மயிலாப்பூரில் எங்கள் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். இரண்டாவது, மூன்றாவது முடிச்சுகளைப் போட வேண்டிய நாத்தனார் நியூஜெர்சியிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார். சுமார் 650 கிலோமீட்டர் தொலைவில், திருநெல்வேலியில் இருந்த அத்தையால் வர முடியவில்லை. முழங்கால் வலிக்காரர், இரவுப் பேருந்தில் உட்கார்ந்தபடி வர இயலாதவர். மாமா மட்டும் தனியாகப் பேருந்தில் வந்து, தாலி கட்டி முடிந்ததும் அட்சதையைத் தூவிவிட்டு, அவளுக்காக ஒரு பிடி அட்சதையைத் தாளில் மடித்து எடுத்துப் போனார். அந்தக் காட்சி மனத்தைவிட்டு அகலாததால்தான் இந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினேன். இத்தனைக்கும் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் செய்தி போயிருந்தது.

அழைப்பிதழுக்கு முன்பாகத் தேதியை மட்டும் சொல்லி வைப்பது நமக்குப் புதிதல்ல. நாள் குறித்தவுடன் வெளியூர் உறவுகளுக்கு ஓர் அஞ்சல் அட்டை போகும். மஞ்சள் தடவிய பத்திரிகை, குலதெய்வத்தின் முன் வைத்த பிறகே மற்றவர்களுக்குப் போகும். அதற்குள் ஊரார் தயாராக வேண்டுமே என்பதற்காகத்தான் அட்டை. பெறுபவரும் அதை அழைப்பாகக் கொள்வதில்லை. நேரில் வந்து குங்குமம் கொடுத்து அழைக்காதவரை அழைத்ததாகவே கருதாத பெரியவர்கள் இன்றும் உண்டு. எனவே இன்றைய கைபேசிச் செய்தியிலும் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: இது தகவல், அழைப்பு பின்னால் வரும்.

ஆனால் அந்தத் தகவலை எப்போது அனுப்புவது என்பதை நாம் மட்டும் தீர்மானிப்பதில்லை. ரயில்வேயும் தீர்மானிக்கிறது. பயணத்துக்கு எத்தனை நாள் முன்னதாகச் சீட்டு பதிவு செய்யலாம் என்ற வரம்பு பலமுறை மாறியிருக்கிறது. 2008 பிப்ரவரியில் 60 நாள் 90 ஆயிற்று. 2012 மார்ச் 10 முதல் 120. 2013 மே 1 முதல் மறுபடி 60. 2015 ஏப்ரல் 1 முதல் 120. 2024 நவம்பர் 1 முதல் மீண்டும் 60. கடைசி மாற்றத்துக்கு ரயில்வே சொன்ன காரணம், 61 முதல் 120 நாட்களுக்கு முன் பதிவானவற்றில் சுமார் 21 சதவீதம் ரத்தாகின்றன என்பது. ஏறக்குறைய ஒன்பதரை ஆண்டுகள் நடைமுறையில் இருந்த 120 நாள், குடும்பங்களுக்கு ஒரு பழக்கத்தைத் தந்திருந்தது: தேதி தெரிந்தால் உடனே டிக்கெட் எடுத்துவிடு. நான்கு மாதம் முன்பு செய்தி வந்தால், வாசித்த கையோடு பதிவு செய்துவிடலாம். செய்தியும் செயலும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

எங்கள் கல்யாணம் மாட்டிக்கொண்டது இந்த மாற்றத்தின் நடுவே. திங்கள் காலை முகூர்த்தம் என்றால் ஞாயிறு மாலையே மாப்பிள்ளை அழைப்பு. ஆகவே திருநெல்வேலிக்காரர்கள் சனிக்கிழமை, பிப்ரவரி 8 இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். பழைய 120 நாள் கணக்கில் அந்தப் பயணத்துக்கான பதிவு 2024 அக்டோபர் 11 அன்றே திறந்துவிட்டது. அக்டோபர் 31 வரை பதிவு செய்தவர்களின் சீட்டு செல்லும் என்றும் ரயில்வே அறிவித்திருந்தது. நாங்கள் செய்தி அனுப்பியது நவம்பர் 4. புதிய கணக்கில் அதே பயணத்துக்குப் பதிவு திறக்கும் நாள் டிசம்பர் 10. அதாவது செய்தி கிடைத்த மறுநாள் அத்தை மகன் கணினியைத் திறந்தபோது அந்தத் தேதி பட்டியலிலேயே இல்லை. 'இன்னும் திறக்கவில்லை, பிறகு பார்க்கலாம்' என்று மூடிவிட்டான். அந்தப் பிறகு, கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. யாருக்கு நினைவிருக்கும்? ஒன்பது நாள் கழித்து அவன் பார்த்தபோது காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்தது. தத்கால் உண்டு, ஆனால் அது முந்தைய நாள்தான் திறக்கும். கடைசி நாள்வரை கிடைக்குமா கிடைக்காதா என்று அல்லாட எழுபது வயதைக் கடந்தவர்களால் முடிவதில்லை.

நாத்தனாரின் கதை இதற்கு நேர்மாறானது. விமானச் சீட்டு பத்து, பதினோரு மாதம் முன்பே கிடைக்கும். அவருக்கு நெருக்கடி விடுப்பில்தான் இருந்தது. அமெரிக்க அலுவலகங்கள் தளர்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் வாரம் நமக்கு மார்கழி. மயிலாப்பூரில் கச்சேரி உண்டு, கல்யாணம் கிடையாது. அங்கே கோடை விடுமுறையின் நடுப்பகுதி நமக்கு ஆடி. ஆகையால் தையில் கல்யாணம் என்றால், வெளிநாட்டில் இருப்பவர் வேலை மும்முரமாக நடக்கும் காலத்தில் விடுப்புக் கேட்க வேண்டும். அதற்கு நான்கைந்து மாதமாவது வேண்டும். அண்ணன் இதை அறிந்தவர். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய ஆகஸ்ட் மாதமே மகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நவம்பர் செய்தி அவருக்கு வெறும் சம்பிரதாயம்.

ஆக, விருந்தினர்களிடம் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. விடுப்புக் கடிகாரம் எவ்வளவு முன்னதாகச் சொன்னாலும் நல்லது என்கிறது. ரயில் கடிகாரமோ குறிப்பிட்ட ஒரு காலைப்பொழுதில் மட்டும் அடிக்கிறது. அதற்கு வெகுநாள் முன்பு சொன்னால் மறந்துபோகும். ஒரு வாரம் பின்னால் சொன்னால் இடம் போய்விடும். ஒரே செய்தியால் இரண்டுக்கும் ஈடுகொடுக்க முடியாது. 120 நாள் காலத்தில் முடிந்தது. 60 நாள் காலத்தில் முடியவில்லை.

அடுத்து எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால் இரண்டு செய்திகள் போகும். முதலாவது, நாள் குறித்தவுடன், விடுப்பு எடுக்க வேண்டியவர்களுக்கு. இரண்டாவது, ரயிலில் வருபவர்களுக்கு, பதிவு திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு. திறக்கும் நாளின் முந்தைய மாலை ஒரு தொலைபேசி அழைப்பும் உண்டு. அத்தைக்கு அன்று நாங்கள் எழுதியிருக்க வேண்டியது இது:

"அத்தை, மாமாவுக்கு நமஸ்காரம். பிப்ரவரி 10 திங்கள் காலை முகூர்த்தம், மயிலாப்பூரில். முந்தைய நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கே நீங்கள் இருவரும் இருக்க வேண்டும். 8ஆம் தேதி சனிக்கிழமை இரவு ரயிலுக்கு முன்பதிவு டிசம்பர் 10 செவ்வாய் காலை 8 மணிக்குத் திறக்கிறது. திங்கள் இரவு திரும்பும் ரயிலுக்கு டிசம்பர் 12 வியாழன். அத்தைக்குக் கீழ்ப் படுக்கை கேளுங்கள். எழும்பூருக்கு வண்டி வரும். பத்திரிகையோடு நேரில் வந்து அழைக்கிறோம்."

இதில் கவனிக்க வேண்டியது, 60 நாளைக் கல்யாணத் தேதியிலிருந்து எண்ணவில்லை. வண்டி ஏறும் தேதியிலிருந்து, அந்த நாளை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறோம். போக ஒரு நாள், வர ஒரு நாள். முகூர்த்த நாளிலிருந்து எண்ணியிருந்தால் டிசம்பர் 12 வந்திருக்கும்; வரும் பயணத்துக்கு இரண்டு நாள் பிந்தியிருக்கும். இந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் அழைக்கும் வீட்டார்தான். எழுபது வயதுப் பெரியவரிடமோ, எதையும் 'பிறகு பார்க்கலாம்' என்று மூடிவிடும் மகனிடமோ அதை விட்டுவிடக் கூடாது.

கல்யாணம் முடிந்து அத்தையைப் பார்க்கப் போனபோது அந்த அட்சதை பூஜை அலமாரியில் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் இருந்தது. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. "நீங்கள் சொல்லத்தான் செய்தீர்கள்" என்றார். சொன்னோம்தான். எந்தக் காலையில் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.