பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு: நடுத்தரத் தொழிற்சாலையில் ‘திட்டமிடு, செய், சரிபார், திருத்து’ சுழற்சி

பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு என்பது ஒரு நிறுவனம் தன் வேலையிடத்தில் உள்ள ஆபத்துகளை விபத்து நடக்கும் முன்பே கண்டறிந்து, அவற்றைக் கட்டுப்படுத்தி, அந்தக் கட்டுப்பாடு உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்த்து, செய்யாத இடத்தில் மாற்றிக்கொள்ளும் ஒழுங்கு. ஹெல்மெட், தீயணைப்பான், எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றை வாங்கி வைப்பது அதில் ஒரு பகுதிதான். யார் பொறுப்பு, எதை எப்போது அளப்பது, அளவு தவறினால் யார் மெஷினை நிறுத்துவது என்று முடிவாகியிருந்தால்தான் அது அமைப்பு. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் தரநிலை 2018 மார்ச்சில் வெளியான ஐ.எஸ்.ஓ. 45001. அதன் முழுக் கட்டமைப்பும் திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்ற நான்கு படிச் சுழற்சியின் மேல் நிற்கிறது.

தோற்றம்

இந்தச் சுழற்சி பாதுகாப்புத் துறையில் பிறந்ததல்ல. தரக் கட்டுப்பாட்டிலிருந்து வந்தது. அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் 1939இல் வெளியிட்ட நூலில், வரையறுத்தல், உற்பத்தி, பரிசோதனை மூன்றையும் ஒரு வட்டமாக வரைந்தார். எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் ஆற்றிய சொற்பொழிவுகள் வழியாக அந்தக் கருத்து அங்கே பரவி, இன்றைய நான்கு படி வடிவத்தைப் பெற்றது.

பாதுகாப்பை விதிகளின் பட்டியலாகப் பார்க்காமல் நிர்வாகத்தின் வேலையாகப் பார்க்கும் போக்கு பிரிட்டனில் 1972ஆம் ஆண்டின் ராபன்ஸ் அறிக்கையோடு வலுப்பெற்றது. வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை 1988 ஜூலை 6 அன்று வெடித்து 167 பேர் இறந்தது அடுத்த திருப்பம். பராமரிப்புக்காக வால்வு கழற்றப்பட்ட ஒரு பம்ப்பை, அது தெரியாத இரவு ஷிஃப்ட் இயக்கியது. வேலை அனுமதிச் சீட்டு முறை அங்கே இருந்தது. ஆனால் அதைத் தளர்வாகவே கையாண்டார்கள். தளர்ந்திருந்ததை மேற்பார்வையும் தணிக்கையும் வெளிக்கொணரவில்லை. விசாரணை நடத்திய கல்லன் பிரபு 1990இல் தந்த அறிக்கையில், கடல்சார் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பை விளக்கிக் காட்ட வேண்டும் என்றார். பிறகு 1999இல் ஓசாஸ் 18001, 2001இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழிகாட்டி, 2018இல் ஐ.எஸ்.ஓ. 45001 என்று வரிசை நீண்டது.

திட்டமிடல்: பவர் பிரஸ் ஓர் எடுத்துக்காட்டு

சுழற்சியைப் பொதுவாகப் பேசினால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். அதனால் வாகன உதிரிப் பாகங்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் 300 பேர் கொண்ட ஒரு கம்பெனியை மனதில் கொள்வோம். அங்கே முதல் ஆபத்து பவர் பிரஸ். மேல் டை இறங்கும் நேரத்தில் ஆபரேட்டரின் கை உள்ளே இருந்தால் விரல் போய்விடும்.

திட்டமிடலின் முதல் வேலை, எல்லா பிரஸ்ஸும் ஒன்றல்ல என்று பிரித்தறிவது. பழைய பின் கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால் ராம் முழுச் சுற்று முடித்தே நிற்கும். நடுவில் யாராலும் நிறுத்த முடியாது. அதன் முன்னால் எவ்வளவு விலையுயர்ந்த ஒளித்திரை சென்சாரைப் பொருத்தினாலும் பயனில்லை. கை குறுக்கிட்டதைச் சென்சார் கண்டுபிடிக்கும், ராம் தன்பாட்டுக்கு இறங்கும். அந்த பிரஸ்ஸுக்கு விரலே நுழையாதபடி டையைச் சுற்றிக் கூண்டு போடுவதுதான் வழி. காற்றழுத்த உராய்வு கிளட்ச் உள்ள பிரஸ்ஸை ஸ்ட்ரோக்கின் நடுவிலும் நிறுத்தலாம். ஒளித்திரை அங்கேதான் பொருந்தும்.

கட்டுப்பாடுகளைத் தேர்வதற்கு ஐ.எஸ்.ஓ. 45001 ஒரு வரிசை சொல்கிறது. ஆபத்தையே நீக்குவது முதலிடம். கை உள்ளே போகத் தேவையில்லாதபடி சுருள் தகட்டைத் தானாக ஊட்டுவது அதற்கு உதாரணம். பிறகு மாற்றுவழி, பொறியியல் தடுப்பு, நடைமுறை விதி, கடைசியாகத் தனிநபர் பாதுகாப்புச் சாதனம். இந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படிக்கும் பழக்கம் பல கம்பெனிகளில் உண்டு. 60 டன் பிரஸ்ஸின் கீழ் கையுறை என்ன செய்துவிடும்?

இடர் மதிப்பீட்டுப் பட்டியலிலும் இதே பழக்கம் தெரியும். நிகழ்வாய்ப்பு 4, கடுமை 5, பெருக்கினால் 20 என்று சிவப்பில் இருக்கும். ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதியதும் அது 6 ஆகிப் பச்சைக்கு வந்துவிடும். பயிற்சியால் நிகழ்வாய்ப்பு ஓரளவு குறையலாம்; நசுங்கும் விரலின் கடுமை குறையாது. கடுமை எண் இறங்கியிருக்கும் பட்டியலைக் கண்டால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

செய்தல்

ஒளித்திரையை எங்கே பொருத்துவது என்பது கண்ணளவில் முடிவு செய்யும் விஷயமல்ல. கை திரையைக் கடந்து டையைத் தொடுவதற்குள் ராம் நின்றிருக்க வேண்டும். அதற்கான கணக்கை ஐ.எஸ்.ஓ. 13855இன் 2010 பதிப்பு இப்படித் தந்தது:

S = K × T + C

S என்பது திரைக்கும் ஆபத்துப் புள்ளிக்கும் இடையே வேண்டிய குறைந்தபட்சத் தொலைவு. K கையின் வேகம்; அருகில் பொருத்தும் திரைக்கு வினாடிக்கு 2000 மி.மீ. T என்பது சென்சார் உணர்வதற்கும் பிரஸ் நிற்பதற்கும் ஆகும் மொத்த நேரம். விரலையே கண்டுபிடிக்கும் 14 மி.மீ. நுண்மை கொண்ட திரைக்கு C சுழி. நம் பிரஸ் நிற்க 0.15 வினாடி, சென்சாருக்கு 0.02 வினாடி என்றால் T 0.17, தொலைவு 340 மி.மீ. கம்பெனி சற்றுக் கூட்டி 360 மி.மீ. தள்ளிப் பொருத்துகிறது. ஆபரேட்டர்களுக்கும் டை செட்டர்களுக்கும் பயிற்சி நடக்கிறது, கையெழுத்து வாங்கப்படுகிறது. பெரும்பாலான கம்பெனிகளில் சுழற்சி இங்கேயே களைத்துப் படுத்துவிடும்.

சரிபார்த்தல்

நுழைவாயிலில் தொங்கும் ‘விபத்தில்லா நாட்கள்’ பலகையைச் சரிபார்ப்பு என்று நினைப்பது நடுத்தரக் கம்பெனிகளின் பெரிய தவறு. ஆண்டுக்குச் சராசரியாக 2 விபத்து நடக்கும் நிலையிலுள்ள கம்பெனி ஒன்று, எதையுமே மாற்றாமல் இருந்தாலும், வெறும் தற்செயலால் விபத்தே இல்லாத ஆண்டைக் காணும் வாய்ப்பு ஏறத்தாழ 13.5 விழுக்காடு. அதாவது ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசும் இனிப்பும் கொடுத்துக் கொண்டாடுவார்கள். பாதுகாப்பு அப்படியேதான் இருக்கும். பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் விபத்து எண்ணிக்கை ஏதாவது சொல்லும். 300 பேர் கம்பெனியில் அந்த எண் மிகச் சிறியது. அதன் ஏற்ற இறக்கத்திலிருந்து முடிவெடுக்க முடியாது. பரிசு இருந்தால் சிறு காயங்கள் மறைக்கப்படுவது வேறு.

எனவே அளக்க வேண்டியது தடுப்பை. பிரஸ்ஸின் நிற்கும் நேரத்தை அதற்குரிய கருவியால் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்தால், பிரேக் லைனிங் தேய்வது எண்ணாகவே தெரியும். எட்டு மாதம் கழித்து அதே பிரஸ் நிற்க 0.18 வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். T இப்போது 0.20, வேண்டிய தொலைவு 400 மி.மீ. திரை இருப்பதோ 360இல். பச்சை விளக்கு எரிகிறது, காலையில் சோதனைக் குச்சியை நீட்டினால் பிரஸ் நிற்கிறது, சரிபார்ப்புப் பட்டியலில் ‘சரி’ என்று குறியும் விழுகிறது. ஆனால் வேகமாக நீளும் கையை அந்தத் திரை இனி காப்பாற்றாது. நிற்கிறதா என்று பார்ப்பது போதாது, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும்.

இரண்டாவது அளவு, தடுப்பு எவ்வளவு நேரம் அணைக்கப்பட்டிருக்கிறது என்பது. டை செட்டிங்கின்போது திரையை விலக்கிவைக்க ஒரு சாவி சுவிட்ச் இருக்கும். இரண்டு கைப் பொத்தான் உள்ள பிரஸ்ஸில், ஒரு பொத்தானை ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு ஒரே கையால் ஓட்டும் வித்தை பழசு. இவற்றைப் பகல் பதினோரு மணிக்கு, முன்னறிவிப்போடு வரும் உள் தணிக்கையாளர் பார்க்கப்போவதில்லை. சுவிட்ச் திரும்பியிருக்கும் நேரத்தை பிரஸ்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியே பதிவு செய்யும்படி வைத்தால், இரவு ஷிஃப்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

திருத்துதலும் தொடர் மேம்பாடும்

அப்படிப் பார்த்ததில் ஒரு பிரஸ்ஸில் மட்டும், ஒரே டை ஓடும் இரவுகளில், சாவி மணிக்கணக்கில் திரும்பியே இருந்தது தெரிகிறது என்று கொள்வோம். வழக்கமான அறிக்கை எப்படி முடியும் என்று ஊகிப்பது கடினமல்ல: ‘ஆபரேட்டரின் அலட்சியம். அறிவுரை வழங்கப்பட்டது. முடிக்கப்பட்டது.’

ஆபரேட்டரிடம் கேட்டால் வேறு கதை வரும். “பீஸ் மேல் டையிலேயே ஒட்டிக்குது சார். ஒவ்வொரு தடவையும் கையை விட்டு எடுக்கணும். கையை விட்டா சென்சார் கட் ஆகுது, ரீசெட் பண்ணணும். மணிக்கு அவங்க கேக்கிற எண்ணிக்கை எப்படி வரும்?” ஒட்டுவதற்குக் காரணம், டைக்குள் பீஸைத் தள்ளிவிடும் ஸ்பிரிங் தளர்ந்தது. ஸ்பிரிங் தளர்ந்தது ஏன் என்றால், டை பராமரிப்பு ஸ்ட்ரோக் எண்ணிக்கைப்படி நடக்கவில்லை, பீஸ் கெடும்போதுதான் டை டூல் ரூமுக்குப் போகிறது. சாவி அங்கேயே இருந்தது ஏன் என்றால், ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு அடிக்கடி வர நேரமில்லை.

இப்போது திருத்தத்தின் முகமே மாறுகிறது. ஸ்பிரிங்கை ஸ்ட்ரோக் கணக்கு வைத்து மாற்றுவது, காற்றூதிப் பீஸைத் தள்ளுவது, சாவியை சூப்பர்வைசர் வசம் வைப்பது, அந்த டை சரியாகும்வரை மணி இலக்கைக் குறைப்பது. கடைசியில் சொன்னதுதான் கடினம். உற்பத்தி மேலாளரின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. தரநிலை தலைமையின் பொறுப்பையும் தொழிலாளர் பங்கேற்பையும் தனித்தனியாக வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

திருத்தம் செய்த அன்றே கோப்பை மூடிவிடக் கூடாது. எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று பார்க்கும்படி ஐ.எஸ்.ஓ. 45001 கேட்கிறது. மூன்று மாதம் கழித்துச் சாவிப் பதிவைத் திரும்பப் பார்த்து, நேரம் இறங்கியிருந்தால் மூடலாம். அதே வகை ஸ்பிரிங் உள்ள மற்ற டைகளும் இடர் பட்டியலில் ஏற வேண்டும். அங்கிருந்து அடுத்த சுற்றின் திட்டமிடல் தொடங்குகிறது. தொடர் மேம்பாடு என்பது நடைமுறையில் இவ்வளவுதான்: ஒரு சுற்றில் கண்டது அடுத்த சுற்றின் திட்டத்தில் எழுத்தாக இருப்பது.

நடுத்தர நிறுவனத்தின் இடர்ப்பாடுகள்

இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம் 1948, 1000 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தால்தான் பாதுகாப்பு அலுவலரைப் பொதுவாகக் கட்டாயமாக்கியது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த வரம்பைத் தொழிற்சாலைகளுக்கு 500 ஆக இறக்கியது. 300 பேர் கம்பெனி, அபாயகரமான செயல்முறை இல்லாத நிலையில், இரண்டு வரம்புக்கும் கீழே. அங்கே பாதுகாப்புக் கோப்பு மனிதவளப் பிரிவிலோ தரப் பிரிவிலோ உள்ள ஒருவரின் கூடுதல் வேலையாக இருக்கும். வாடிக்கையாளர் கேட்டதற்காகச் சான்றிதழ் எடுத்தால், அவர் நேரம் ஆவணம் எழுதுவதில் போய்விடும். பிரஸ் ஓடும் இடத்துக்கு நடக்க நேரமிருக்காது. நூறு பக்கக் கையேட்டைவிட, ஐந்து பெரிய ஆபத்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் அதற்கொரு பொறுப்பாளரும் வைத்துக்கொள்ளும் கம்பெனி தேறும் என்று தோன்றுகிறது.

சுழற்சி நழுவும் இன்னொரு இடம், இரண்டு தணிக்கைகளுக்கு இடையில் நடக்கும் மாற்றம். ஆர்டர் கூடியதும் ஏலத்தில் பழைய பிரஸ் ஒன்று வந்து இறங்கும். காண்ட்ராக்டர் புது ஆட்களை அழைத்து வருவார். மறுநாளே உற்பத்தி தொடங்கும். இடர் பட்டியலில் அந்த பிரஸ் இருக்காது. மாற்றங்களை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்று தரநிலையில் தனிப் பிரிவே உண்டு. அதை நிறைவேற்ற எளிய இடம் கொள்முதல் பிரிவு. கிளட்ச் எந்த வகை, அளந்த நிற்கும் நேரம் எவ்வளவு என்ற இரண்டு கட்டங்களும் நிரப்பப்படாத பர்ச்சேஸ் ஆர்டருக்குக் கையெழுத்து இல்லை என்று வைத்துவிட்டால், பின் கிளட்ச் பிரஸ் கூண்டு இல்லாமல் ஷெட்டுக்குள் வருவது அங்கேயே தடைபடும்.